வயற்படம் காட்டும் ஊர்

நாளிதழ்களிலும் பாடநூல்களிலும் வயல்களின் நிழற்படங்கள் பல இடம்பெறுகின்றன. அவற்றுள் பலவற்றின் கீழே ‘அறுவடைக் காலம்’ என்னும் இரண்டு சொற்கள் மட்டுமே இருக்கும். ஊரின் பெயரோ மாநிலத்தின் பெயரோ இராது. ஆயினும் அப்படம் எடுக்கப்பட்ட நிலப்பகுதியையும், அங்கு நடைபெறும் வேளாண்மையின் தன்மையையும் ஓரளவு உறுதியாகக் கூற இயலும். படத்தில் நிற்கும் டிராக்டர், மாட்டு வண்டி, அறுவடை இயந்திரம் ஆகியவையே அதற்குச் சான்றுகள்.

சான்றுகள் அனைத்தும் ஒரே வலிமை உடையவை அல்ல. ஒரு பொருள் எவ்வளவு தொலைவு ஊர்விட்டு ஊர் செல்கிறதோ, அந்த அளவுக்கு அதன் சான்று வலிமை குறையும். டிராக்டரின் நிறமும் பெயரும் நாடு முழுவதும் காணப்படுவன. அறுவடை இயந்திரம் பயிர் விளையும் இடத்தைத் தேடி மாநிலங்களைக் கடந்து செல்வது. மாட்டு வண்டி பெரும்பாலும் தன் ஊரைச் சுற்றியே இயங்குவது. நிலமோ எங்கும் செல்லாதது. எனவே இயந்திரத்தின் பெயரைப் படிப்பதைக் காட்டிலும், அது நிலத்தில் பதித்த தடத்தையும் நிலத்தில் விட்டுச்சென்ற தாளையும் பார்ப்பதே பயன்தரும்.

டிராக்டரின் பெயரும் சக்கரமும்

படத்தைப் பார்ப்பவரின் கண் முதலில் டிராக்டரின் நிறத்தில் படும். பச்சை உடலும் மஞ்சள் சக்கரமும் ஜான் டீர் நிறுவனத்துக்கு உரியவை. சிவப்பு நிறம் மகிந்திராவாகவோ மாஸி பெர்குசனாகவோ இருக்கலாம். ஆனால் இதனைக் கொண்டு மாநிலத்தைக் கூற முயல்வது பிழையில் முடியும். இந்தியாவில் மாஸி பெர்குசன் டிராக்டர்களை உருவாக்கிய டாஃபே நிறுவனத்தின் தலைமையிடம் சென்னை. அவற்றைப் பஞ்சாபின் வயல்களிலும் காணலாம். ஸ்வராஜ் டிராக்டர் பஞ்சாபின் மொகாலியில் 1974ஆம் ஆண்டு முதல் உருவாக்கப்பட்டு வருவது. அதனைத் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் காணலாம். தொழிற்சாலை இருக்கும் இடம் வேறு; டிராக்டர் உழும் இடம் வேறு.

டிராக்டரின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும் மாதிரி எண் சற்றுக் கூடுதலாகப் பயன்படும். அந்த எண்ணைக் குதிரைத்திறன் என எண்ணுதல் கூடாது. மகிந்திரா 575 என்பது ஏறத்தாழ 45 குதிரைத்திறன் கொண்டது. ஸ்வராஜ் 855 ஏறத்தாழ 50 குதிரைத்திறனும், ஸ்வராஜ் 717 ஏறத்தாழ 15 குதிரைத்திறனும் கொண்டவை. எனவே மாதிரி எண்களை ஒரே நிறுவனத்தின் டிராக்டர்களுக்கு இடையே மட்டுமே ஒப்பிடலாம்.

டிராக்டரின் அளவு வேளாண்மை முறையைக் காட்டும். திராட்சைப் பந்தல்களுக்கு இடையிலும் பழமரங்களுக்கு இடையிலும் செல்வதற்குக் குறுகலான சிறிய டிராக்டரே ஏற்றது. மகாராட்டிரத்தின் நாசிக் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் அத்தகைய டிராக்டர்களைக் காணலாம். பரந்த வயலில் கனமான கருவிகளை இழுப்பதற்குப் பெரிய டிராக்டர் தேவைப்படும். ஆகவே சிறிய டிராக்டரைக் கண்டவுடன் ‘இவ்வூர் உழவர் வசதி குறைந்தவர்’ என முடிவு செய்தல் தவறு. அவர் விலைமிக்க பயிரை நெருக்கமாக வளர்ப்பவராக இருக்கக்கூடும்.

டிராக்டரில் மிகுந்த செய்தியைத் தருவது அதன் சக்கரம். பின்சக்கரத்தின் இடத்திலோ அதன் பக்கத்திலோ இரும்புப் பட்டைகளால் ஆன கூண்டு போன்ற சக்கரம் பொருத்தப்பட்டிருந்தால், அங்கு நெல் நடவுக்காகச் சேற்று உழவு நடைபெறுகிறது எனலாம். நீர் நிறைந்த சேற்றில் ரப்பர் டயர் பிடிமானம் இன்றிச் சுழலும். கூண்டுச் சக்கரம் சேற்றைப் பற்றிக்கொண்டு நகர்வதுடன், மண்ணைக் குழைக்கவும் செய்யும். கோதுமையோ பருத்தியோ விளையும் வறண்ட நிலத்தில் இச்சக்கரத்திற்கு வேலை இல்லை. இவ்வாறு, டிராக்டரின் பெயர் கூறாத பயிரை அதன் சக்கரம் கூறிவிடுகிறது.

வண்டியும் அதனை இழுக்கும் விலங்கும்

படத்தில் மாட்டு வண்டி இருப்பின், முதலில் எத்தனை விலங்குகள் அதனை இழுக்கின்றன எனப் பார்த்தல் வேண்டும். இரட்டை மாட்டு வண்டியில் நடுவே ஒற்றை ஏர்க்கால் நீண்டிருக்கும். அதன் முனையில் குறுக்காக நுகத்தடி பிணைக்கப்பட்டு, இருபுறமும் மாடுகள் பூட்டப்பட்டிருக்கும். ஒற்றை விலங்கு இழுக்கும் வண்டியில் இரண்டு கால்கள் முன்னோக்கி நீண்டிருக்கும். விலங்கு அவற்றின் நடுவே நிற்கும். இவ்வமைப்பைத் தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட படத்திலும் காண இயலும்.

கரும்பு ஏற்றிய இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் ஒற்றை எருமைக் கடா பூட்டப்பட்டிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில், மீரட், முசாபர்நகர் ஆகிய மாவட்டங்களில் இக்காட்சி இயல்பானது. அங்கு எருமை வளர்ப்பு மிகுதி. பால் தராத கடாக்கள் வண்டி இழுக்கப் பயன்படுகின்றன. அவ்வண்டியை அவ்வூர் மக்கள் ‘புக்கி’ என்பர். மற்றொன்றில் நீண்டு பின்னோக்கி வளைந்த கொம்புகளை உடைய இரண்டு காளைகள் பூட்டப்பட்டிருக்கின்றன. வண்டியின் மீது கரும்பு ஆள் உயரத்திற்கும் மேலாக அடுக்கப்பட்டிருக்கிறது. கில்லாரி என்னும் இனத்தைச் சேர்ந்த அத்தகைய காளைகள் தெற்கு மகாராட்டிரத்திலும் அதனை ஒட்டிய கர்நாடகப் பகுதியிலும் காணப்படுகின்றன.

மகாராட்டிரத்தின் கரும்பு வண்டி வேறொரு செய்தியையும் உணர்த்துகிறது. அம்மாநிலத்தின் பீடு மாவட்டம் மழை குறைந்த பகுதி. அங்கிருந்தும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலிருந்தும் பல குடும்பங்கள் மழைக்காலம் முடிந்ததும் மேற்கு மகாராட்டிரத்தின் சர்க்கரை ஆலைப் பகுதிகளுக்குச் செல்கின்றன. அக்குடும்பங்கள் வயலின் ஓரத்தில் குடிசையிட்டுத் தங்கி, கரும்பை வெட்டி, ஆலைக்குக் கொண்டு சேர்க்கின்றன. ஆலைகளின் அரவைக் காலம் முடிந்து, கோடையின் தொடக்கத்தில் ஊர் திரும்புகின்றன. சில குடும்பங்களுடன் காளைகளும் வண்டியும் உடன் செல்கின்றன. எனவே படத்தில் உள்ள வண்டி கோலாப்பூரில் நின்றாலும், அதனை ஓட்டுபவரின் ஊர் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கக்கூடும். வண்டி ஊரைவிட்டு அதிகம் நகராது என்னும் விதிக்கு இது ஒரு விலக்கு. அவ்விலக்கும் அரவைக் காலத்தில் மட்டுமே நிகழ்வதால், படம் எடுக்கப்பட்ட பருவத்தை அறிய அதுவே உதவுகிறது.

அறுவடை இயந்திரத்தின் காலடி

நெல் அறுவடை இயந்திரங்களில் இரண்டு வகைகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று டயர் வகை. அதன் முன்சக்கரங்கள் மிகப் பெரியவை, பின்சக்கரங்கள் சிறியவை. முன்னால் உள்ள வெட்டும் பகுதி பெரும்பாலும் 14 அடி அகலம் இருக்கும். மற்றொன்று பெல்ட் வகை. சக்கரங்களுக்கு மாறாக, இருபுறமும் அகன்ற ரப்பர் பட்டைகள் சுழல, அவற்றின் மீது இது நகரும். இதன் வெட்டும் பகுதி ஏறத்தாழ 7 அடி அகலமே உடையது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் நிலத்தின் ஈரம். டயர் இயந்திரத்தின் எடை முழுவதும் நான்கு சிறு பரப்புகளின் வழியே மண்ணில் இறங்குகிறது. உலர்ந்த நிலம் அந்த எடையைத் தாங்கும். ஈர நிலத்தில் சக்கரம் புதைந்துவிடும். பெல்ட் இயந்திரத்தின் எடை நீண்ட பட்டையின் முழுப் பரப்பிலும் பரவுவதால், அது மென்மையான சேற்றிலும் பெரிதும் புதையாமல் செல்லும். இடையிடையே வரப்புகள் உள்ள சிறு வயல்களில் திரும்புவதற்கும் அதன் குறுகிய உடல் ஏற்றது. ஆகவே டயர் இயந்திரம் நிற்கும் படம், அறுவடைக்கு முன் நீர் வடிந்து காய்ந்த பெரிய வயலைக் காட்டுகிறது. பெல்ட் இயந்திரம் நிற்கும் படம், அறுவடையின்போதும் ஈரம் வற்றாத வயலைக் காட்டுகிறது.

பஞ்சாபின் நெல் வயல் முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு நிலத்தடி நீரைக் காப்பதற்காக 2009ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஜூன் 10ஆம் நாளுக்கு முன் நெல் நடவு செய்தல் கூடாது என அது வகுத்தது. பின்னர் அந்நாள் மாற்றி மாற்றி அறிவிக்கப்பட்டு வந்துள்ளது. ஜூனில் நட்ட நெல் அக்டோபரில் அறுவடைக்கு வருகிறது. அப்பொழுது பருவமழை விலகியிருக்கும், நிலம் உலர்ந்திருக்கும். எனவே அகன்ற டயர் இயந்திரங்கள் தடையின்றி இயங்குகின்றன. அவற்றுள் பல, பஞ்சாபின் நாபா, பாத்சோன் ஆகிய ஊர்களிலேயே உருவாக்கப்படுகின்றன.

அவ்வியந்திரம் கதிரை மட்டும் மேலாக அறுத்துச் செல்வதால், வயலில் ஓரடி உயரத்திற்குத் தாள் நிற்கும். மணி பிரிந்த வைக்கோல் இயந்திரத்தின் பின்னால் நீண்ட வரிசையாக விழுந்து கிடக்கும். அதே வயலில் நவம்பர் முதற்பாதிக்குள் கோதுமையை விதைக்க வேண்டும். காலம் தாழ்ந்தால் விளைச்சல் குறையும். நெல் வைக்கோலை அங்குள்ளவர் கால்நடைகளுக்குப் பெரிதாகக் கொடுப்பதில்லை. கோதுமையின் தாளிலிருந்து கிடைக்கும் பூசாவே அவர்களின் உலர்தீவனம். இவ்வாறு, தேவையற்ற வைக்கோல் வயலில் கிடக்க, அடுத்த விதைப்பிற்கு மூன்று வாரங்களே எஞ்சியிருக்கும் நிலையில், பலர் வைக்கோலைத் தீயிட்டு அழிக்கின்றனர். தில்லியில் அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் காற்று மாசடைவதற்குரிய காரணங்களுள் அப்புகையும் ஒன்று.

தீ வைக்காமல் விதைப்பதற்கும் கருவி உண்டு. ‘ஹேப்பி சீடர்’ எனப்படும் விதைப்புக் கருவி, நிற்கும் தாளை விலக்கிக்கொண்டு கோதுமையை நேரடியாக விதைக்கும். அதனை இழுக்க ஏறத்தாழ 45 குதிரைத்திறனுக்குக் குறையாத டிராக்டர் தேவை. ஆகவே நெல்தாள் நிற்கும் வயலில் பெரிய டிராக்டர் ஒன்று கனமான விதைப்புக் கருவியை இழுத்துச் செல்லும் படம், வட இந்தியாவின் நெல்–கோதுமை வயலில் தீ வைக்காமல் விதைக்கும் ஒருவரைக் காட்டக்கூடும்.

தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் நிலை வேறு. அங்குச் சம்பா நெல் சனவரி, பிப்ரவரி மாதங்களில் அறுவடையாகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை பெய்கிறது. சில ஆண்டுகளில் பொங்கலை ஒட்டியும் மழை பெய்வதுண்டு. ஆதலால் வயல் முழுமையாகக் காய்வதில்லை; பெல்ட் இயந்திரம் தேவைப்படுகிறது. நெல் வைக்கோலே அங்கு மாடுகளின் முதன்மையான உலர்தீவனம். எனவே இயந்திரம் உதிர்த்துச் சென்ற வைக்கோலை மற்றோர் இயந்திரம் உருளை வடிவக் கட்டுகளாகக் கட்டுகிறது. அக்கட்டுகள் விலைக்கு விற்கப்படுகின்றன. பஞ்சாபில் சுமையாகிய வைக்கோல் தஞ்சையில் பணமாகிறது. இரு பகுதி உழவரும் தத்தம் பருவத்திற்கும் கால்நடைக்கும் ஏற்பவே நடக்கின்றனர். படத்தில் புகையைக் கண்டவுடன் ஒருவரை அறியாதவர் எனவும், வைக்கோல் கட்டைக் கண்டவுடன் மற்றொருவரை அறிவாளர் எனவும் கூறுதல் பொருந்தாது.

ஒரு படத்தை ஆராய்தல்

பின்வரும் படம் ஒன்றை மனத்தில் கொள்ளலாம். பெல்ட் வகை அறுவடை இயந்திரம் ஒன்று வயலில் நிற்கிறது. அதன் பதிவெண் ‘டி.என்.’ எனத் தொடங்குகிறது. வயல்கள் சிறியவை, வரப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. தொலைவில் தென்னைகள் நிற்கின்றன. சாலையோரத்தில் ஒரு டிராக்டர், நெல் ஏற்றுவதற்கு உரிய டிரெய்லருடன் காத்திருக்கிறது. அறுத்த பகுதியில், தாள்களின் இடையே ஈரிலை விட்ட சிறு பச்சை நாற்றுகள் பரவலாகக் காணப்படுகின்றன. இயந்திரம் சென்ற வழியில் மட்டும் அவை நசுங்கி, இரண்டு இணையான வெற்றுத் தடங்கள் நீள்கின்றன.

‘டி.என்.’ என்னும் எழுத்துகளைக் கண்டவுடன் ‘தமிழ்நாடு’ என விடை கூறத் தோன்றும். ஆனால் அறுவடை இயந்திரம் ஊர்விட்டு ஊர் செல்வது என்பதை மறத்தல் ஆகாது. தமிழ்நாட்டு இயந்திரங்கள் கேரளத்தின் குட்டநாட்டு வயல்களுக்கும் செல்கின்றன. பஞ்சாபின் பதிவெண் கொண்ட இயந்திரங்கள் மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் கோதுமையை அறுத்துவிட்டு, ஏப்ரலில் தம் மாநிலத்துக் கோதுமையை அறுக்கத் திரும்புகின்றன. எனவே இயந்திரத்தின் பதிவெண் அதன் உரிமையாளரின் மாநிலத்தைக் காட்டும்; அது நிற்கும் வயலின் மாநிலத்தைக் காட்ட வேண்டும் என்பதில்லை.

பெல்ட் இயந்திரமும் சிறு வயலும் தென்னையும் ஈரமான நெல் நிலத்தைக் காட்டுகின்றன. தென்னிந்தியாவில் இதற்கு மூன்று பகுதிகளைக் கருதலாம்: குட்டநாடு, காவிரிப் படுகை, ஆந்திரத்தின் கிருஷ்ணா படுகை.

இப்பொழுது பச்சை நாற்றுகளைக் கவனித்தல் வேண்டும். அவை களைகளாயின் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பல வடிவங்களில் இருக்கும். இவை ஒரே உயரத்தில், ஒரே வடிவில், வயல் முழுவதும் பரவியுள்ளன. எனவே இவை விதைக்கப்பட்டவை. காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பாக, நிற்கும் பயிரின் ஊடே உளுந்தையோ பச்சைப்பயற்றையோ தூவும் வழக்கம் உண்டு. மண்ணில் எஞ்சிய ஈரத்தாலும் பனியாலும் அது முளைத்து வளரும். அதற்கெனத் தனி உழவு இல்லை. நெல்லை அறுக்கும்போது உளுந்து ஈரிலையுடன் நிற்கும்.

இச்சான்று குட்டநாட்டை விலக்குகிறது. குட்டநாட்டின் வயல்கள் பல கடல் மட்டத்திற்கும் தாழ்ந்தவை. சுற்றிலும் நீர்நிலைகள் உள்ளன. அறுத்த நெல்லைப் பல இடங்களில் படகில் ஏற்றிச் செல்வர். படத்தில் படகும் கால்வாயும் இல்லை. அத்தகைய நிலம் உளுந்துக்கும் ஏற்றதன்று.

எஞ்சியவை காவிரியும் கிருஷ்ணாவும். இரண்டிலும் நெல்லின் பின் உளுந்து விதைக்கும் வழக்கம் உண்டு. எனவே நாற்றுகளைக் கொண்டு மட்டும் இவற்றைப் பிரிக்க இயலாது. இங்கே டிராக்டரின் டிரெய்லர் கைகொடுக்கிறது. அறுவடை இயந்திரம் நெடுந்தொலைவு செல்லும். ஆனால் நெல்லைக் களத்திற்கோ கொள்முதல் நிலையத்திற்கோ கொண்டு செல்லும் டிரெய்லர் பெரும்பாலும் உள்ளூரைச் சேர்ந்தது. அதன் பின்புறத்தில் உரிமையாளரின் பெயரும் ஊரும் அவ்வூர் மொழியில் எழுதப்பட்டிருப்பதுண்டு. அங்கே தமிழ் எழுத்து இருந்தால், இயந்திரத்தின் பதிவெண்ணும் அதனுடன் சேர்ந்து, படம் காவிரிப் படுகையில் எடுக்கப்பட்டது என உறுதி கூறலாம். தெலுங்கு எழுத்து இருந்தால், தமிழ்நாட்டு இயந்திரம் ஆந்திரத்தில் வேலை செய்கிறது எனக் கொள்ளலாம். டிரெய்லரின் பின்புறம் படத்தில் தெரியாவிடில், ‘காவிரி அல்லது கிருஷ்ணா படுகை’ என நிறுத்திக்கொள்வதே சரியான விடை. சான்று கூறாத ஒன்றை ஊகத்தால் நிரப்புதல் விடையைப் பிழையாக்கும்.

நசுங்கிய தடங்கள் கூறுவது

அதே படத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. இயந்திரம் சென்ற தடத்தில் உளுந்து நாற்றுகள் நசுங்கிவிட்டன. வைக்கோல் குவிந்து விழுந்த இடங்களில் நாற்றுகள் அதன் அடியில் மறைந்து கிடக்கின்றன. அரிவாளால் அறுத்திருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது. ஆட்கள் தாளை அடியோடு ஒட்டி அறுத்து, கட்டுகளாகக் கட்டி, களத்திற்குச் சுமந்து செல்வர். நாற்றுகள் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

அவ்வாறாயின் உழவர் இயந்திரத்தை ஏன் அழைத்தார்? அறுவடைக் காலத்தில் எல்லா வயல்களும் ஏறத்தாழ ஒரே வேளையில் முற்றுகின்றன. அறுக்கும் ஆட்கள் போதிய அளவில் கிடைப்பதில்லை. காத்திருந்தால் மழை வரக்கூடும்; முற்றிய கதிர் சாய்ந்து, மணி உதிர்ந்துவிடும். ஆட்கள் பல நாள் செய்யும் வேலையை இயந்திரம் சில மணி நேரத்தில் முடிக்கிறது. உளுந்தில் ஒரு பகுதியை இழந்து, நெல்லை முழுமையாகக் காப்பதா? உளுந்தையும் காக்க எண்ணி, ஆட்களுக்காகக் காத்திருப்பதா? அவ்வுழவர் முதல் வழியைத் தேர்ந்திருக்கிறார் என்பதை அந்த இரண்டு வெற்றுத் தடங்கள் காட்டுகின்றன.

இதற்கு மாறாக, ஒரு படத்தில் தாள் அடியோடு அறுக்கப்பட்டு, நாற்றுகள் இடைவெளியின்றி நின்றால், அங்குக் கையால் அறுவடை நடந்துள்ளது எனலாம். அதனைக் கண்டு அவ்வூருக்கு இயந்திரம் வரவில்லை எனக் கருதுதல் கூடாது. அவ்வயலின் உரிமையாளர் உளுந்தைக் காக்கும்பொருட்டு அரிவாளையே தேர்ந்திருக்கலாம். எந்தக் கருவியைத் தேர்ந்தார் என்பதை வயல் காட்டும். ஏன் தேர்ந்தார் என்பதற்குப் பருவத்தையும் அடுத்த பயிரையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

ஏர்க்கால் – வண்டியிலிருந்து முன்னோக்கி நீளும் மரம்
நுகத்தடி – மாடுகளின் கழுத்தில் வைத்துப் பூட்டும் குறுக்கு மரம்
தாள் – அறுத்தபின் வயலில் நிற்கும் பயிரின் அடிப்பகுதி
வைக்கோல் – மணி பிரித்தபின் எஞ்சும் உலர்ந்த நெற்பயிர்
பூசா – கோதுமைத் தாளைத் துண்டாக்கிப் பெறும் தீவனம்
படுகை – ஆறு கொணர்ந்த வண்டல் மண் படிந்த நிலப்பகுதி
சேற்று உழவு – நீர் நிறுத்திய வயலில் மண்ணைக் குழைத்து உழுதல்

பயிற்சி

1. டிராக்டரின் நிறத்தைக் கொண்டு மாநிலத்தை அறிய இயலாமைக்குரிய காரணத்தை ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுக.

2. பெல்ட் வகை இயந்திரம் ஈர நிலத்தில் புதையாமல் செல்வது எவ்வாறு?

3. பஞ்சாபிலும் காவிரிப் படுகையிலும் நெல் வைக்கோலின் பயன் வேறுபடுவதற்குரிய காரணங்களை ஐந்து வரிகளில் விளக்குக.

4. ஒரு படத்தில் ஒற்றை எருமைக் கடா பூட்டிய வண்டி கரும்பு ஏற்றிச் செல்கிறது. அருகில் உள்ள வயலில் கடுகு மஞ்சளாகப் பூத்திருக்கிறது. இப்படம் எடுக்கப்பட்ட பகுதி யாது? பருவம் யாது? எந்தச் சான்று பகுதியையும், எந்தச் சான்று பருவத்தையும் காட்டியது எனத் தனித்தனியே எழுதுக.

5. தற்போது வாழும் ஊரின் அருகே எடுக்கப்பட்ட வயற்படம் ஒன்றையும், பெற்றோரின் சொந்த ஊரில் எடுக்கப்பட்ட வயற்படம் ஒன்றையும் ஏட்டில் ஒட்டுக. இரண்டிலும் காணப்படும் சக்கரம், வண்டி, வயலில் எஞ்சிய தாள் ஆகியவற்றை ஒப்பிட்டு எழுதுக. உறுதியாகக் கூற இயன்றவற்றையும் இயலாதவற்றையும் வேறு வேறு பத்திகளில் அமைக்க.